மரணத்தின்போது தகவல் சொல்லாத மருத்துவமனைக்குக் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உறவினர் இறந்தபின், "எங்களிடம் யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை" என்று மருத்துவமனைக்கு எழுதும் குடும்பங்கள் பெரும்பாலும் சறுக்குவது, தகவல் சொல்லாத குறையையும் சிகிச்சை பற்றிய சந்தேகத்தையும் ஒன்றாகக் கலந்துவிடும் இடத்தில்தான். அப்படிக் கலந்தால், சிகிச்சை முறையாகவே நடந்தது என்று நீளமாக விளக்கிவிட்டு, தகவல் குறித்து ஒரு வரி வருத்தத்தோடு பதிலை முடித்துக்கொள்வது நிர்வாகத்துக்கு எளிதாகிவிடும். சிகிச்சையிலும் ஐயம் இருந்தால், அதைத் தனிக் கடிதமாக எழுதுவதே நல்லது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த தந்தையைப் பற்றிப் பிற்பகல் 2 மணிக்கு விசாரித்த மகளிடம், "காலையில் இருந்த மாதிரியேதான் இருக்கிறார்" என்றார்கள். 3 மணி முதல் ரத்த அழுத்தம் சரிந்ததாகப் பின்னர் கிடைத்த மருத்துவக் குறிப்புகளில் இருக்கிறது. 4.15க்கு உயிர் பிரிந்தது; வீட்டுக்கு அழைப்பு வந்ததோ 4.40க்கு.

இதை "உங்கள் அலட்சியத்தால் அப்பாவைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை" என்று எழுதினால், அலட்சியம் இல்லை என்ற மறுப்புதான் பதிலாக வரும். அலட்சியம் என்பது நம் முடிவு, 3, 4.15, 4.40 என்பவை பதிவில் உள்ளவை. ஆகவே அந்த நேரங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, "3 மணிக்கும் 4.15க்கும் இடையே எங்களை அழைக்க முயன்றீர்களா, எந்த எண்ணுக்கு அழைத்தீர்கள், அழைக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது?" என்று கேட்கலாம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டுமானால், செவிலியர் குறிப்பேட்டை யாராவது எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

கேட்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சேர்க்கைப் படிவத்தில் எந்த எண்ணைக் கொடுத்தோம், அன்று தவறிய அழைப்பு ஏதேனும் இருந்ததா என்று வீட்டில் எல்லோருடைய தொலைபேசியிலும் பார்த்துவிட வேண்டும். பழைய எண்ணுக்கு அழைப்பு போயிருந்தால், நம் கேள்வியே மாறிவிடும்.

தொலைபேசியில் பேசிய செவிலியரைக் குற்றவாளியாக்குவதும் தவறு. பணிமாற்றத்தில் தமக்குச் சொல்லப்பட்டதை மட்டுமே அவர் சொல்லியிருக்கக்கூடும். "2 மணிக்குப் பேசிய செவிலியர்" என்று எழுதினாலே போதும். ஆளை நிர்வாகம் கண்டுபிடித்துக்கொள்ளும். அவர் சொன்ன சொற்கள் அப்படியே நினைவில் இருந்தால் மேற்கோளாகத் தரலாம். இல்லையென்றால் "இந்தப் பொருள்படச் சொன்னார்" என்று எழுதுவதே நேர்மை. தம்பி கேட்டதைத் தாம் கேட்டதாக அக்கா எழுதக் கூடாது.

மரியாதையாக எழுதுவது என்றால் துக்கத்தை மறைப்பது என்றும் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். "அந்த ஒன்றேகால் மணி நேரம் அவருடன் இருந்திருக்கலாம் என்பதே எங்களை வாட்டுகிறது" என்று ஒரு வரி இருக்கட்டும், அது வசையாகாது. ஆனால் "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் முடித்தால் "ஆவன செய்யப்படும்" என்றுதான் பதில் வரும். கேள்விகளுக்கு எழுத்துவழிப் பதிலும், பொறுப்பு மருத்துவரை நேரில் சந்திக்க ஒரு நாளும் வேண்டும் என்று கேட்டு, நோயாளியின் பதிவு எண்ணையும் இறந்த தேதியையும் குறித்து, குடும்பத்தின் சார்பில் ஒருவரே கையெழுத்திட வேண்டும்.