மாங்கூழ் ஆலைக்கு முதல் மெயில்: ஒரே ஒரு கேள்வியோடு எழுதுவது எப்படி?

கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்கூழ் ஆலைகள் நிறைய இருக்கின்றன. பெங்களூரா, அல்போன்சா கூழ் டிரம்மில் அடைபட்டு வெளிநாடு போகிறது. வடிவமைப்பு, போட்டோ, இணையதளம் என்று ஏதாவது ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு ஊரிலேயே வாடிக்கையாளர் தேடும் ஒருவர் இந்த ஆலைகளில் ஒன்றுக்கு மெயில் போட நினைப்பது இயல்புதான். முன்பின் தெரியாதவர் எழுதும் மெயிலுக்குப் பதில் வர வேண்டும் என்றால் அதை எப்படிக் கட்டுவது என்று, ஓர் எடுத்துக்காட்டை முழுதாக எழுதிக் காட்டுகிறேன். நீங்கள் விவரத்தாள் வடிவமைப்பவர் என்று வைத்துக்கொள்வோம். விவரத்தாள் என்பது கூழின் பிரிக்ஸ் எனப்படும் சர்க்கரை அளவு, அமிலத்தன்மை, பேக்கிங் அளவு எல்லாம் அட்டவணையாக இருக்கும் தாள். வெளிநாட்டில் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

படி 1: ஒரே ஆலை, ஒரே குறை

பத்து ஆலைகளின் பட்டியல் இப்போது வேண்டாம். ஓர் ஆலையின் இணையதளத்தைப் போனில் திறந்து, வாங்குபவர் பார்ப்பது போலப் பாருங்கள். விவரத்தாளை இறக்கி, அதில் ஓர் எண்ணின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். எழுத்து தேர்வாகவில்லை என்றால் அது பெரும்பாலும் ஸ்கேன் செய்த படம். பெரிதாக்கினால் 14 பிரிக்ஸ் என்பது 11 போலத் தெரிகிறதா? வாங்குபவரால் அந்த எண்ணை நகலெடுத்துத் தன் படிவத்தில் ஒட்ட முடியுமா? உங்கள் மெயில் முழுவதும் இந்த ஒரு குறையின் மேல்தான் நிற்கப்போகிறது. அதனால் கண்ணால் பார்த்து உறுதி செய்யாத எதையும் எழுதாதீர்கள். தாள் நன்றாகவே இருந்தால் அந்த ஆலையை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். இல்லாத குறையைச் சொன்னால் முதல் வரியிலேயே நம்பிக்கை போய்விடும்.

படி 2: கேள்வியை முதலில் எழுதுங்கள்

பலரும் வணக்கத்தில் தொடங்கி, தங்களைப் பற்றிச் சொல்லி, களைத்துப்போய் கடைசியில் 'ஏதாவது வேலை இருந்தால் சொல்லவும்' என்று முடிக்கிறார்கள். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று படிப்பவருக்கே தெரியாது. நமக்கு என்ன வேலை இருக்கிறது, இவருக்கு எது வரும், எவ்வளவு ஆகும் என்று யோசிக்கும் பாரம் முழுவதும் அவர் தலையில் விழுகிறது. மெயிலை மூடிவிடுவார்.

'நேரில் வந்து பேசலாமா' என்பதும் முதல் மெயிலுக்குப் பெரிய கேள்விதான். அவர் நேரம் ஒதுக்க வேண்டும், வாசலில் சொல்லி வைக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவருக்காக அதைச் செய்பவர்கள் குறைவு.

ஆலைக்குள் நின்றபடியே ஒரு சொல்லில் பதில் போடக்கூடிய கேள்விதான் வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது: 'பெங்களூராவுக்கு மட்டும் ஒரு மாதிரிப் பக்கம் செய்து அனுப்பட்டுமா?' பணம் கேட்கவில்லை, நேரம் கேட்கவில்லை. 'அனுப்புங்க' என்றால் முடிந்தது. இலவசமாகச் செய்யலாமா என்ற தயக்கம் வரும். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் என்றால் செய்யலாம். எல்லா வகைக் கூழுக்கும் இலவசமாகச் செய்து தருகிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அப்புறம் விலை சொல்ல வாய் வராது.

கேள்வி ஒன்றுதான் இருக்க வேண்டும். மாதிரியும் அனுப்பட்டுமா, போனிலும் பேசலாமா, என் பக்கத்தையும் பாருங்கள் என்று மூன்றாக விரித்தால் எதற்குமே பதில் வராது.

படி 3: கேள்விக்குக் கொண்டுபோகும் சில வாக்கியங்கள்

என்ன பார்த்தீர்கள், அதனால் வாங்குபவருக்கு என்ன சிரமம், நீங்கள் என்ன செய்து தருவீர்கள் என்ற மூன்றும் போதும். உங்களைப் பற்றி ஒரே வாக்கியம். செய்யாத வேலைகளைச் செய்ததாக எழுத வேண்டாம், மாதிரிப் பக்கமே உங்கள் திறமையைக் காட்டிவிடும். இந்தத் துறைக்கே உரிய ஒரு பயமும் உண்டு. விவரத்தாளில் உள்ள எண்கள் ஆலையின் ஆய்வகம் கொடுத்தவை, ஒரு புள்ளி மாறினாலும் சரக்கு தகராறில் மாட்டும். ஆகவே 'எண்களைத் தொடமாட்டேன்' என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

படி 4: முழு மெயில்

> பொருள்: பெங்களூரா கூழ் விவரத்தாள்: ஒரு பக்க மாதிரி
>
> ஏற்றுமதிப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,
>
> வணக்கம். உங்கள் இணையதளத்தில் உள்ள பெங்களூரா கூழ் விவரத்தாளைப் போனில் பார்த்தேன். அது ஸ்கேன் படமாக இருப்பதால் பிரிக்ஸ், அமிலத்தன்மை எண்கள் மங்கலாகத் தெரிகின்றன. வாங்குபவர் அவற்றை நகலெடுக்கவும் முடியவில்லை.
>
> நான் கிருஷ்ணகிரியில் விவரத்தாள் வடிவமைப்பு செய்கிறேன். உங்கள் எண்களில் ஒன்றையும் மாற்றாமல், இதே தாளைப் போனில் தெளிவாகப் படிக்கும்படி ஒரு பக்க பிடிஎஃப் ஆக்கித் தர முடியும்.
>
> பெங்களூராவுக்கு மட்டும் ஒரு மாதிரிப் பக்கம் செய்து அனுப்பட்டுமா? இதற்குக் கட்டணம் இல்லை. 'அனுப்புங்க' என்று ஒரு சொல் போதும்.
>
> நன்றி.
> (உங்கள் பெயர், ஊர், போன் எண்)

பொருள் வரியில் குறையைச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? 'உங்கள் விவரத்தாள் சரியில்லை' என்று தலைப்பிலேயே போட்டால், அந்தத் தாளைச் செய்தவரே மெயிலைத் திறப்பவராக இருக்கலாம். போனில் தலைப்பின் முதல் நான்கைந்து சொற்கள்தான் தெரியும், அதனால் அவர்களுடைய பொருளின் பெயர் முன்னால் வரட்டும். பழைய பேச்சின் தொடர்ச்சி போலக் காட்ட `Re:` சேர்ப்பது ஏமாற்று வேலை. ஏற்றுமதி அலுவலகம் வெளிமாநிலத்தில் இருந்தால் இதே மெயிலை எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

படி 5: அனுப்புவது

ஜூன், ஜூலையில் பெங்களூரா வரத்து உச்சத்தில் இருக்கும். வாசலில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது விவரத்தாளைப் பற்றி யாரும் யோசிக்க மாட்டார்கள். சீசனுக்கு முன்பு, ஜனவரி, பிப்ரவரியில் அனுப்புங்கள்.

தளத்தில் `info@` என்ற பொது முகவரி மட்டும் இருந்தால், அலுவலகத்துக்கு போன் செய்து 'ஏற்றுமதியைப் பார்ப்பவரின் மெயில் ஐடி கிடைக்குமாங்க?' என்று கேளுங்கள். முதல் மெயிலில் இணைப்பு வேண்டாம். தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் திறக்கப் பலர் பயப்படுவார்கள். `Bcc` போட்டுப் பல ஆலைகளுக்கு ஒரே மெயிலைத் தள்ளுவதும் வேண்டாம், இந்த மெயில் ஒரு தாளைப் பார்த்து எழுதியது. சொந்த டொமைனில் இருந்து அனுப்புகிறீர்கள் என்றால், முதலில் உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பி, கணினியில் `Show original` திறந்து, மெயில் உண்மையாகவே உங்கள் டொமைனில் இருந்து வந்ததா என்று சரிபார்க்கும் SPF, DKIM இரண்டுக்கும் `PASS` இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உங்கள் மெயில் ஸ்பேமில் விழ வாய்ப்பு அதிகம்.

படி 6: பதில் வந்தால், வராவிட்டால்

`Address not found` என்று திரும்பி வந்தால் முகவரி தவறு, திருத்தி அனுப்புங்கள். ஒரு வாரம் ஆகியும் எதுவும் வரவில்லை என்றால், அதே மெயிலுக்குக் கீழேயே பதிலாக இரண்டு வரி எழுதுங்கள்: 'வணக்கம், மாதிரிப் பக்கம் பற்றிக் கேட்டிருந்தேன். செய்து அனுப்பட்டுமா?' அதற்கும் பதில் இல்லை என்றால் நிறுத்திவிட்டு அடுத்த ஆலையின் தாளைத் திறங்கள்.

சிலர் நேராக 'எவ்வளவு ஆகும்?' என்று கேட்பார்கள். ஒரு தாளுக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணாகச் சொல்லிவிட்டு, மாதிரியைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள் என்று எழுதுங்கள். 'அனுப்புங்க' என்று வந்தால், என்று அனுப்புவீர்கள் என்பதை உடனே சொல்லி, அந்த நாளில் பெங்களூரா பக்கத்தை மட்டும் அனுப்புங்கள். பழைய தாளை அருகில் வைத்து ஒவ்வோர் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அனுப்புங்கள். மங்கலாக இருந்து படிக்க முடியாத எண் இருந்தால் ஊகித்து நிரப்பாமல், அந்த இடத்தைக் காலியாக விட்டு 'இதை உறுதி செய்யவும்' என்று குறித்துக் கொடுங்கள்.