எதில் சதவீதம்? வட்ட விளக்கப்படத்தைப் படிக்கும்போது நழுவும் இடங்கள்

சமூக அறிவியல் பணித்தாளில் வட்ட விளக்கப்படம் வந்தால் பெரும்பாலானவர்கள் நேராகப் பெருக்கலுக்குப் போய்விடுகிறார்கள். படத்தில் இருக்கும் சதவீதத்தை எடு, பக்கத்தில் எழுதியிருக்கும் மொத்தத்தோடு பெருக்கு, நூறால் வகு. செய்முறை சரிதான். ஆனால் தவறான விடைகளைத் திருத்திப் பார்த்தால் பெருக்கலில் பிழை இருப்பது குறைவு. எந்த மொத்தத்தோடு பெருக்க வேண்டும் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

நீர்க்கோளம் பாடத்தில் அடிக்கடி வரும் ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் இரண்டு வட்டங்கள். முதல் வட்டத்தில் உப்புநீர் 97.5%, நன்னீர் 2.5%. இரண்டாவது வட்டத்தில் பனிப்பாறைகளும் பனிக்கவிகைகளும் 68.7%, நிலத்தடி நீர் 30.1%, மேற்பரப்பு நீரும் பிறவும் 1.2%. கீழே ஒரு வரி: புவியின் மொத்த நீர் சுமார் 1,386 மில்லியன் கன கி.மீ. கேள்வி: பனிப்பாறைகளிலும் பனிக்கவிகைகளிலும் உள்ள நீர் எவ்வளவு?

அவசரப்பட்டால் 1,386-ஐ 68.7-ஆல் பெருக்கி நூறால் வகுத்து, சுமார் 952 மில்லியன் கன கி.மீ. என்று எழுதிவிடுவோம். கணக்கு பிழையின்றி வந்திருக்கும், விடை மட்டும் தவறு. எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் வட்டத்தைத் திரும்பப் பார்த்தாலே போதும். உப்புநீரே 97.5% என்றால், மீதி எல்லாம் சேர்ந்தும் 2.5%-ஐத் தாண்ட முடியாது. அப்படியிருக்க, பனியாக உறைந்த நன்னீர் மட்டும் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு எப்படி ஆகும்?

இரண்டாவது வட்டத்தின் நூறு சதவீதம் என்பது உலக நீர் முழுவதும் இல்லை. முதல் வட்டத்தின் அந்த 2.5% துண்டை மட்டும் தனியே எடுத்துப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். அதனால் முதலில் நன்னீரைக் கண்டுபிடிக்க வேண்டும். 1,386-இல் ஒரு சதவீதம் 13.86. அப்படியானால் 2.5 சதவீதம் 34.65 மில்லியன் கன கி.மீ. இந்த 34.65-தான் இரண்டாவது வட்டத்துக்கு மொத்தம். இதில் 68.7% எடுத்தால் 23.8 மில்லியன் கன கி.மீ. கிடைக்கும். நிலத்தடி நீர் 10.43, மேற்பரப்பு நீரும் பிறவும் 0.42. மூன்றையும் கூட்டினால் மறுபடி 34.65 வருகிறது. சரி, கணக்கு நேராகிவிட்டது.

இந்தத் தவறுக்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். படம் வரைபவர்கள் இரண்டு வட்டங்களையும் ஒரே அளவில் வரைந்துவிடுகிறார்கள். 2.5% என்பது நாற்பதில் ஒரு பங்கு. பரப்பளவு விகிதப்படி வரைந்தால் இரண்டாவது வட்டத்தின் குறுக்களவு முதலாவதில் ஆறில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். அதற்குள் எழுத்தே எழுத முடியாது, அதனால் பெரிதாக்குவதில் தப்பில்லை. ஆனால் கண்ணுக்கு இரண்டும் சமமான மொத்தங்கள் போலத் தெரிகின்றன. எந்த வட்டத்தைப் பார்த்தாலும், சதவீதங்களைத் தொடும் முன்பு அதன் தலைப்பைப் படித்து, பக்கத்திலேயே பென்சிலால் “100% = இவ்வளவு” என்று எழுதிவிடுவது நல்லது. தலைப்பு “நன்னீரின் பரவல்” என்றால் மொத்தம் நன்னீர், “புவியின் நீர்ப்பரவல்” என்றால் மொத்தம் எல்லா நீரும்.

சில பணித்தாள்களில் மூன்றாவது வட்டமும் இருக்கும். அந்த 1.2% துண்டை மட்டும் பிரித்துக் காட்டுவார்கள்: நிலத்தடிப் பனியும் நிரந்தர உறைபனியும் 69%, ஏரிகள் 20.9%, ஆறுகள் 0.49%, மீதி மண் ஈரம், வளிமண்டல நீர், சதுப்பு நிலங்கள் போன்றவை. ஆறுகளில் உள்ள நீரைக் கேட்டால் மூன்று படி இறங்க வேண்டும். நன்னீர் 34.65 மில்லியன், அதில் 1.2% சுமார் 0.416 மில்லியன், அதாவது 4.16 லட்சம் கன கி.மீ. அதில் 0.49% சுமார் 2,040 கன கி.மீ.

இங்கே 0.49% என்பதே ஒரு பொறி. சதவீதத்துக்கு முன்பே பூச்சியமும் புள்ளியும் இருப்பதால், ஏற்கெனவே நூறால் வகுத்தாகிவிட்டது என்று நினைத்து நேராக 0.49-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். அது கிட்டத்தட்டப் பாதி. 4.16 லட்சத்தில் பாதி என்றால் இரண்டு லட்சத்துக்கு மேல் போய்விடும். படத்தில் ஆறுகளின் துண்டு பாதி வட்டமாகவா இருக்கிறது? மெல்லிய கோடுபோல இருக்கும். 2.5%-ஐ 0.25 என்று எழுதுவதும் இதே வகைதான், அப்போது நன்னீர் 346.5 மில்லியன் என்று கால்பங்காக ஊதிவிடும். உண்மையில் 2.5% துண்டின் மையக்கோணம் வெறும் 9 பாகை. விடை வந்ததும் துண்டை ஒருமுறை பார்த்து, இது கால்வட்டமா, பாதியா, கீற்றா என்று ஒப்பிட்டால் பத்து மடங்குப் பிழையெல்லாம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அலகும் ஒரு தொல்லை. 34.65 மில்லியனைத் தமிழில் எழுதச் சொன்னால் சிலர் 34.65 கோடி என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு மில்லியன் பத்து லட்சம், பத்து மில்லியன்தான் ஒரு கோடி. ஆகவே அது 3.465 கோடி கன கி.மீ. கணக்கு முடியும்வரை பணித்தாளில் உள்ள அலகிலேயே போய், கடைசியில் ஒருமுறை மட்டும் மாற்றுங்கள்.

ஆறுகளின் நீர் 2,040 என்று நமக்கு வந்தது. ஆனால் பல நூல்களில் 2,120 கன கி.மீ. என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். அப்படியானால் நாம் தவறு செய்துவிட்டோமா? இல்லை. படத்தில் 1.2% என்று போட்டிருந்தால் உண்மை மதிப்பு 1.15-க்கும் 1.25-க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். சின்ன எண் என்பதால் அந்த 0.05 வித்தியாசமே விடையை நான்கு சதவீதம் வரை மேலே கீழே தள்ளிவிடும். 2.5%-இலும் இதே போல இரண்டு சதவீதம் ஆடும். அதனால் கால்குலேட்டர் தரும் 2037.42 என்ற எண்ணை அப்படியே எழுதுவதில் பொருளில்லை. “சுமார் 2,000 கன கி.மீ.” என்று எழுதுவதே நேர்மையான விடை. விடைத்தாளில் இரண்டு தசம இடங்கள் கேட்டிருந்தால் கொடுத்துவிடலாம், அந்தத் துல்லியம் படத்திலிருந்து வந்ததல்ல என்று தெரிந்திருந்தால் போதும்.

அப்புறம், வட்டத்தில் எழுதியிருக்கும் எண்கள் எல்லாமே சதவீதம் என்று நம்பிவிடக் கூடாது. சில படங்களில் பாகைகளைத்தான் போட்டிருப்பார்கள். கண்டங்களின் பரப்பைக் காட்டும் ஒரு வட்டத்தில் ஆசியா 108, ஆப்பிரிக்கா 72, ஐரோப்பா 25.2 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 108 என்ற எண் நூறைத் தாண்டுவதால் அங்கே யாரும் ஏமாற மாட்டார்கள். ஐரோப்பாவின் 25.2-தான் ஆபத்து, அது சதவீதம் போலவே தெரிகிறது. புவியின் மொத்த நிலப்பரப்பு சுமார் 149 மில்லியன் சதுர கி.மீ. 25.2-ஐச் சதவீதமாக எடுத்தால் ஐரோப்பாவுக்கு 37.5 மில்லியன் வரும். பாகையாக எடுத்து 360-ஆல் வகுத்தால் 7%, அதாவது சுமார் 10.4 மில்லியன் சதுர கி.மீ. இதுதான் உண்மைக்கு நெருக்கம். சந்தேகம் வந்தால் எல்லாத் துண்டுகளின் எண்களையும் கூட்டுங்கள். நூறு வந்தால் சதவீதம், 360 வந்தால் பாகை. முழுமையாக்கியதால் 99 அல்லது 101 வந்தாலும் அது சதவீதம்தான், பதற வேண்டாம்.

இதே கண்டங்களின் படத்தில் மொத்தத்தைக் கொடுக்காமல் ஒரு துண்டின் அளவை மட்டும் கொடுப்பதும் உண்டு. ஆசியா 30%, அதன் பரப்பு 44.7 மில்லியன் சதுர கி.மீ. என்று சொல்லிவிட்டு, 20% உள்ள ஆப்பிரிக்காவின் பரப்பைக் கேட்பார்கள். கண்ணில் பட்ட ஒரே அளவு 44.7 என்பதால் அதில் 20% எடுத்து 8.94 என்று எழுதுகிறார்கள். பழைய தவறேதான். ஆப்பிரிக்கா ஆசியாவில் இருபது சதவீதம் இல்லையே, நிலப்பரப்பு முழுவதிலும் இருபது சதவீதம். 30% என்பது 44.7 என்றால் 1% என்பது 1.49. அதை இருபதால் பெருக்கினால் 29.8 மில்லியன். மொத்தத்தைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டிய தேவைகூட இல்லை, ஒரு சதவீதத்தைக் கண்டுபிடித்தால் எந்தத் துண்டுக்கும் போகலாம்.

கடைசியாக வரும் கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஆசியா ஆப்பிரிக்காவை விட எத்தனை சதவீதம் பெரியது? முப்பதிலிருந்து இருபதைக் கழித்துப் பத்து என்று எழுதத் தோன்றும். அந்தப் பத்து, உலக நிலப்பரப்பில் இரண்டுக்கும் உள்ள பங்கு வித்தியாசம். அதைப் பத்து சதவீதப் புள்ளிகள் என்று சொல்ல வேண்டும். “ஆப்பிரிக்காவை விட” என்று கேள்வியிலேயே இருப்பதால் இந்த முறை நூறு சதவீதம் ஆப்பிரிக்காவின் 29.8 மில்லியன். வித்தியாசம் 14.9 மில்லியன், அது 29.8-இல் சரிபாதி. ஆகவே இந்தப் படத்தின்படி ஆசியா 50% பெரியது.