பிரெஞ்சுத் தவணை அறிக்கையை ஆங்கிலத்தில் வாசிக்கும்போது

பிரான்ஸுக்குப் புதிதாக வந்த பெற்றோர் பலர், பிள்ளை படிக்கும் கொலேஜின், அதாவது இடைநிலைப் பாடசாலையின், தவணை அறிக்கையான புல்த்தனை ஆங்கிலத்துக்கு மாற்றித்தான் வாசிக்கிறார்கள். லண்டனில் இருக்கும் உறவினரிடம் கேட்பார்கள், இல்லாவிட்டால் கைத்தொலைபேசியில் மாற்றுவார்கள். சொற்கள் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் ஆசிரியர் சொன்னதன் கனம் மாறிவிடும். பாராட்டு குறையாகத் தெரியும், கண்டிப்பு பாராட்டாகத் தெரியும்.

முதலில் புள்ளியைப் பாருங்கள். 20க்குப் போடும் புள்ளியை ஐந்தால் பெருக்கி நூற்றுக்கு இவ்வளவு என்று எடுக்க வேண்டாம். பள்ளிப் படிப்பின் முடிவில் எழுதும் பாக் பரீட்சையிலேயே 12 எடுத்தால் 'அசே பியன்', 14க்கு 'பியன்', 16க்கு 'த்ரே பியன்' என்று சிறப்புத் தரம் கொடுக்கிறார்கள். ஆகவே 14 நல்ல புள்ளி. பிள்ளையின் சராசரிக்குப் பக்கத்தில் வகுப்பின் சராசரியும் இருக்கும். அதோடு ஒப்பிட்டால்தான் பிள்ளை நிற்கும் இடம் தெரியும்.

இனிக் குறிப்புக்கு வருவோம். பெட்டி சிறியது என்பதால் ஆசிரியர்கள் எழுவாயோ வினையோ இல்லாமல் துண்டு துண்டாக எழுதுவார்கள். மொழிபெயர்ப்பு தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். ஏழாம் வகுப்பு வயதில், சங்கியேம் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுப் பாடத்தில் அவளுடைய சராசரி 10.8, வகுப்பின் சராசரி 12.3. ஆசிரியர் எழுதியது: 'ஒன்சொம்ப்ள் ஜூஸ்த். எலேவ் வொலோந்தேர், மே த்ரோ திஸ்க்ரெத் ஆ லொரால். துவா சன்வெஸ்தீர் தவாந்தாஜ் தோன் லு த்ரவாய் பெர்சோனெல்.'

ஆங்கிலத்தில் இது 'டுகெதர் ஜஸ்ட். வாலண்டியர் ஸ்டூடண்ட், பட் டூ டிஸ்கிரீட் ஓரலி. மஸ்ட் இன்வெஸ்ட் மோர் இன் பெர்சனல் வேர்க்' என்பது போல வரும். வாசிக்கும் தாய்க்கு என்ன விளங்கும்? 'இன்வெஸ்ட்' என்றதும் காசு கட்டி டியூஷன் வைக்கச் சொல்கிறார்களோ என்று கூடத் தோன்றலாம்.

ஒவ்வொன்றாகப் பிரிப்போம். 'ஒன்சொம்ப்ள்' என்பது இங்கே மொத்தப் பெறுபேறு. 'ஜூஸ்த்' என்பது 'சரி' அல்ல, 'மட்டுமட்டு'. இன்னும் கொஞ்சம் இறங்கினால் சிக்கல் என்கிறார். 'வொலோந்தேர்' தொண்டரைக் குறிக்கவில்லை. மனம் வைத்து முயல்கிற பிள்ளை என்று பொருள், இது உண்மையான பாராட்டு. 'திஸ்க்ரெத்' என்றால் வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் முன் அமைதியாக இருப்பது மரியாதை என்று நாம் வளர்த்த பிள்ளைக்கு இந்தக் குறிப்பு அடிக்கடி வரும். இங்கே கை உயர்த்திப் பேசுவதும் படிப்பின் பகுதி என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். 'சன்வெஸ்தீர்' என்பது காசு அல்ல, உழைப்பு. 'த்ரவாய் பெர்சோனெல்' என்பது வகுப்புக்கு வெளியே தானாக இருந்து படிப்பது. ஆக, ஆசிரியர் சொல்வது இதுதான்: முயற்சி இருக்கிறது, வகுப்பில் பேச வேண்டும், வீட்டுப் படிப்பு போதவில்லை.

இன்னும் சில சொற்களும் இப்படித்தான் ஏமாற்றும். 'கொரெக்ட்' என்றால் பரவாயில்லை என்ற அளவு, 'சத்திஸ்பெஸோன்' அதற்கு ஒரு படி மேல். 'சேரியூ' என்றால் முகத்தை இறுக்கமாக வைத்திருக்கிறாள் என்பதல்ல, ஒழுங்காகப் படிக்கிறாள் என்பது. 'பு மியூ ஃபேர்' ஆங்கிலத்தில் 'கேன் டூ பெட்டர்' என்று உற்சாகப்படுத்துவது போல வரும். உண்மையில் அது கண்டிப்பு: திறமை இருக்கிறது, உழைக்கவில்லை. 'பவர்தாஜ்' என்று வந்தால் பாட நேரத்தில் கதைக்கிறான் என்ற முறைப்பாடு. ஆங்கிலத்தில் 'சாட்டர்' என்று மெல்லியதாக மொழிபெயர்க்கப்படும், மெல்லியதாக எடுக்க வேண்டாம்.

அடியில் வகுப்பு மன்றத்தின், அதாவது கொன்செய் து கிளாஸின் முடிவு இருக்கும். 'ஒன்கூராஜ்மோன்' ஆறுதல் வார்த்தை அல்ல, புள்ளி குறைந்தாலும் முயற்சியை மதித்துக் கொடுப்பது. 'ஃபெலிசித்தாசியோன்' உயர்ந்தது. 'மீஸ் ஓன் கார்த்' என்றால் எச்சரிக்கை. அது படிப்புக்கா, நடத்தைக்கா என்று கட்டாயம் பாருங்கள். சில பாடசாலைகள் இந்தப் பட்டங்களைக் கொடுப்பதே இல்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தால் அதையே குறையாக எடுக்க வேண்டாம்.

மொழிபெயர்க்க பிள்ளையையே கேட்காதீர்கள், தன் குறையைத் தானே சொல்ல வைப்பது நியாயமில்லை. ஆங்கிலம் தடுமாறும் வரியில் உள்ள பிரெஞ்சுச் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்புக் கொப்பியிலோ பாடசாலையின் இணையத்தளத்திலோ வகுப்புப் பொறுப்பாசிரியரான ப்ரோஃபெசர் ப்ரன்சிபாலிடம் சந்திப்பு கேளுங்கள். அங்கே 'எப்படிப் படிக்கிறாள்?' என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகவே வரும். மேலே சொன்ன மாணவியின் தாய் கேட்க வேண்டியது: வீட்டில் எதைப் படிக்க வேண்டும், வாசிப்பா, இலக்கணமா, கட்டுரையா? வாரத்தில் எத்தனை நாள்?