தானியங்கி மடை அடிக்கடி திறந்து மூடுகிறதா?

நெல் வயலுக்கு மோட்டார் மடை வைப்பவர்கள் பெரும்பாலும் திறக்கவும் மூடவும் ஒரே நீர்மட்டத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். காற்றில் ஒரு சிற்றலை வந்தாலே மடைப் பலகை ஏறி இறங்கும், மோட்டார் சூடாகிவிடும். 2 செ.மீ.க்குக் குறைந்தால் திற, 5 செ.மீ. தொட்டால் மூடு என்று இடைவெளி விடுங்கள். இடையில் இருந்தால் மோட்டார் சும்மா இருக்கட்டும்.

நீர்மட்டத்தை அளக்கும் சென்சாரை மடை வாயில் வைக்காதீர்கள், அங்கே தண்ணீர் குதிக்கும். வயலுக்குள் சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் துளையிட்ட பிவிசி குழாயை நட்டு அதற்குள் வையுங்கள். துளைகளைச் சேறு அடைத்தால், வயலில் மட்டம் மாறினாலும் சென்சார் ஒரே அளவைக் காட்டும். அப்போது குழாயைக் கழுவுங்கள்.

அப்புறம், பலகை எல்லையைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் மேலும் கீழும் கட்டாயம். குச்சி சிக்கினால் பலகை கீழ் சுவிட்சைத் தொடாது, அதனால் 30 விநாடிக்குமேல் ஓடினால் மோட்டார் நிற்கும்படியும் செய்யுங்கள்.