வேலை மாறும்போது லிங்க்ட்இன் பக்கத்தை எந்த நாளில் மாற்றுவது?

கொழும்பில் ஒரே துறைக்குள் வேலை செய்பவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். கொள்ளுப்பிட்டியில் விலகல் கடிதம் கொடுத்தால் இராஜகிரியவில் மாலைக்குள் தெரிந்துவிடும். நாமே லிங்க்ட்இன் வழியாக அதைக் காலையிலேயே அறிவித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கணக்காய்வுத் துறையில் இருக்கும் என் தோழி ஒருவர் 2025 ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை விலகல் கடிதம் கொடுத்தார். ஒரு மாத முன்னறிவிப்பு; வேலை முடியும் நாள் ஆகஸ்ட் 31. ஐந்து நாள் விடுமுறை மிச்சம் இருந்ததால் அலுவலகத்தில் கடைசியாக இருந்தது ஆகஸ்ட் 22. செப்டம்பர் 1 புதிய இடத்தில் சேருவதாக ஏற்பாடு. அவருடைய நாட்காட்டியை வைத்தே படிகளைப் பார்ப்போம்.

படி 1: கடிதம் கொடுப்பதற்கு முன்

பதவிப் பெயரையோ தலைப்பு வரியையோ தொடாதீர்கள். நெடுநாள் அசையாத பக்கம் திடீரென்று மெருகேறினால் சக ஊழியர்கள் கவனிப்பார்கள். இப்போது செய்ய வேண்டியது வேறு. "Settings" பகுதியில் "Sign in & security" என்பதற்குள் சென்று, உங்கள் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்று பாருங்கள். அலுவலக முகவரியாக இருந்தால், சொந்த முகவரியைச் சேர்த்து அதையே முதன்மை முகவரியாக்குங்கள். அலுவலகம் கொடுத்த சிம் எண்ணையும் அப்படியே மாற்றுங்கள். கடைசி நாள் மாலை அந்த அஞ்சல் மூடப்பட்டபின் கடவுச்சொல்லை மறந்தால், அதை மீட்கும் குறியீடு உங்களால் திறக்க முடியாத பெட்டிக்குத்தான் போகும்.

படி 2: முன்னறிவிப்புக் காலம்

இந்த ஒரு மாதமும் நீங்கள் பழைய நிறுவனத்தின் ஊழியர்தான். பக்கமும் அதையே சொல்லட்டும். நீங்கள் போகும் செய்தியை வாடிக்கையாளருக்கு எப்போது, யார் சொல்வது என்பதை முகாமையாளர் தீர்மானிக்க வேண்டும். பொறுப்பை ஏற்கப்போகிறவரின் பெயரோடு சேர்த்துச் சொன்னால்தான் வாடிக்கையாளர் பதறமாட்டார்.

தோழி இங்கேதான் தவறினார். இரண்டாவது வாரத்தில் புதிய பதவியைச் சேர்த்துச் சேமித்தார். அந்தப் படிவத்தில் இருக்கும் "Notify network" பொத்தான் திறந்திருந்ததை அவர் பார்க்கவில்லை. மதியத்துக்குள் வாழ்த்துகள் வந்தன. முதலில் வாழ்த்தியவர் அவருடைய பெரிய வாடிக்கையாளர். பக்கத்தில் அறிவிப்பு வெளியானது முகாமையாளருக்கே அந்த வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்தது. தோழி அந்தப் பதவியை உடனே நீக்கினார். ஆனால் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள்.

படி 3: கடைசி நாளும் இடைவெளியும்

ஆகஸ்ட் 22இல் மேசையைக் காலி செய்தாலும் ஒப்பந்தம் 31 வரை ஓடுகிறது. ஆகவே 31ஆம் திகதிக்கு முன் பக்கத்தில் முடிவு மாதத்தைப் போடாதீர்கள்.

அவருக்கு இன்னொரு சிக்கலும் வந்தது. பழைய இடத்திலிருந்து சேவைக் கடிதம் செப்டம்பர் 10ஆம் திகதிதான் கைக்குக் கிடைத்தது. அதனால் புதிய நிறுவனம் சேரும் நாளை 15க்குத் தள்ளியது. ஆகஸ்டிலேயே போட்ட பதவி அப்படியே இருந்திருந்தால், ஒரு மாதம் பொய் சொல்லி நின்றிருக்கும். நியமனக் கடிதத்தில் கையெழுத்திட்ட பிறகும் காத்திருக்கச் சொல்வது இதனால்தான். இடைவெளியைப் பற்றிக் கவலை வேண்டாம்: லிங்க்ட்இனில் மாதமும் ஆண்டும் மட்டுமே தெரியும். ஆகஸ்டில் முடிந்து செப்டம்பரில் தொடங்கினால் அந்த இரண்டு வாரம் யார் கண்ணிலும் படாது.

படி 4: சேர்ந்த பிறகு

முதல் நாளே போடாதீர்கள். ஒரு வாரம் போகட்டும்; புதிய முகாமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தகுதிகாண் காலம் முடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதுவரை பழைய வாடிக்கையாளர்கள் நீங்கள் இன்னும் அங்கேயே இருப்பதாக எண்ணி எழுதுவார்கள்.

தோழி செப்டம்பர் 22இல் இந்த வரிசையில் செய்தார். முதலில் "Notify network" பொத்தானை மூடி, பழைய பதவிக்கு முடிவு மாதம் போட்டார். பிறகு புதிய பதவியைச் சேர்த்தார். நிறுவனத்தின் பெயரைத் தட்டச்சு செய்யும்போது வரும் பட்டியலிலிருந்து சரியானதைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஒரே குழுமத்தின் தாய் நிறுவனமும் துணை நிறுவனமும் அருகருகே நிற்கும். நியமனக் கடிதத்தில் உள்ள பெயரே சரி. "End current position as of now" என்ற கட்டத்தையும் பாருங்கள்: வார இறுதியில் வகுப்பு எடுப்பது போன்ற இரண்டாவது வேலை பக்கத்தில் இருந்தால், அது தெரியாமல் மூடப்பட்டுவிடக் கூடாது. இந்த ஒரு முறை மட்டும் அறிவிப்பைத் திறந்துவிட்டுச் சேமித்தார்.

தலைப்பு வரியைத் தனியே பாருங்கள். பதவி மாறியும் அங்கே பழைய நிறுவனத்தின் பெயர் நிற்கலாம். சேமித்தபின் நண்பர் ஒருவரின் கைத்தொலைபேசியில் உங்கள் பக்கத்தைத் திறந்து, பெயருக்குக் கீழே உள்ள முதல் வரியை வாசியுங்கள்.