உங்க EV கார் நிஜமாவே எவ்ளோ புகை விடுது? நீங்களே கணக்கு போடலாம் வாங்க

"நிலக்கரிய எரிச்சு தானடா உன் காரும் ஓடுது"ன்னு மச்சான் ஒரு நாள் கேட்டான். பதில் சொல்ல முடியல, அதனால மூணு வாரம் உட்கார்ந்து அளந்து கணக்கு போட்டேன். அதைத் தான் இங்க எழுதறேன். எண்ணெய் கிணறு, சுரங்கத்துல ஆரம்பிச்சு சக்கரம் சுத்தற வரைக்குமான கணக்கு இது, கார் பேட்டரி தயாரிக்கிற புகை இதுல வராது.

1. சுவத்துல அளங்க

கார் டிஸ்ப்ளேல காட்டற நம்பரை எடுக்காதீங்க. அது பேட்டரில இருந்து வெளிய போனது மட்டும் தான், சார்ஜ் ஆகும்போது சூடா வீணாகறது அதுல வராது. நான் 15 ஆம்ப் பிளக்குக்கு முன்னாடி ஒரு சாதா சப் மீட்டர் போட்டேன். ஃபுல் சார்ஜ்ல ஆரம்பிச்சு 412 கிமீ ஓட்டி மறுபடி ஃபுல் பண்ற வரைக்கும் சப் மீட்டர்ல 62 யூனிட் ஏறிச்சு, அதாவது 100 கிமீக்கு 15 யூனிட். டிஸ்ப்ளே காட்டினது 13. அந்த 2 யூனிட்டை விட்டா கணக்கு முழுக்க EV பக்கம் சாஞ்சிடும்.

2. லைன்ல போற கரண்ட்

நான் மாட்டிக்கிட்ட இடம் இது தான், மெதுவா படிங்க. பவர் பிளாண்ட்ல இருந்து உங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள இந்தியால சுமார் 17% லாஸ். நான் முதல்ல 15 கூட 17% கூட்டினேன், 17.55 வந்துச்சு. அது தப்பு. பிளாண்ட் 100 யூனிட் அனுப்பினா வீட்டுக்கு 83 தான் வருது, அதனால 15-ஐ 0.83-ஆல வகுக்கணும், 18.07 வரும். சரியா போட்டோமான்னு பாக்க ஈஸி வழி, 18.07-ல 17% கழிச்சு பாருங்க, 15 திரும்ப வரணும். 17.55-ல கழிச்சா 14.57 தான் வரும்.

அப்புறம் மத்திய மின்சார ஆணையம் (CEA) வருஷா வருஷம் ஒரு யூனிட்டுக்கு எவ்ளோ கார்பன் டை ஆக்சைடுன்னு வெளியிடும். 2023-24க்கு சராசரி 0.727 கிலோ. பிளாண்ட் தனக்கே செலவு பண்ணிக்கிற கரண்டை ஏற்கனவே கழிச்சு தான் இந்த நம்பரை போடறாங்க, அதனால அதை மறுபடி கழிக்காதீங்க. நிலக்கரி தோண்டறது, ரயில்ல ஏத்தறது எல்லாத்துக்கும் சேர்த்து நான் 8% கூட்டிக்கிறேன், இது என்னோட அனுமானம்.

```
=15/(1-0.17)*0.727*1.08
```

14.2 கிலோ, 100 கிமீக்கு.

ஆன்லைன் கால்குலேட்டர் வேணாம், ஸ்ப்ரெட்ஷீட்ல போடுங்க. நான் பாத்த கால்குலேட்டர் எல்லாம் வெளிநாட்டு கிரிட் நம்பரை உள்ளயே வச்சிருந்துச்சு, மாத்தவே முடியல.

3. பெட்ரோல் பக்கம்

இங்கயும் கம்பெனி மைலேஜ் வேணாம், டேங்க் ஃபுல் டு டேங்க் ஃபுல் பாருங்க. அப்பாவோட பெட்ரோல் கார் 15 தருது. ஒரு லிட்டர் எரிஞ்சா 2.31 கிலோ, கச்சா எண்ணெய் எடுக்கறது சுத்திகரிக்கறது கொண்டு வர்றதுக்கு சுமார் 20% கூட.

```
=100/15*2.31*1.2
```

18.5 கிலோ. இது சுத்த பெட்ரோலுக்கு, இ20 போட்டா எத்தனால் பங்குக்கு தனியா கணக்கு போடணும்.

4. இப்ப கரண்ட் நம்பரை மட்டும் மாத்துங்க

0.727 இருக்கிற இடத்துல வெறும் நிலக்கரிக்கான 0.97 போட்டு பாருங்க, 18.9 கிலோ வரும், பெட்ரோலை விட ஒரு நூல் அதிகம். மச்சான் சொன்னது அந்த நிலைமைக்கு சரி தான், ஆனா நம்ம கிரிட் அது இல்ல. ரெண்டும் சமமாகற இடம் 0.95 கிட்ட, கிரிட் அதுக்கு கீழ இருக்கிற வரைக்கும் EV தான் குறைச்சல். மாடி சோலார்ல பகல்லயே நேரடியா சார்ஜ் பண்ணா லைன் லாஸும் இல்ல, ஓடறதுக்கான புகை கிட்டத்தட்ட பூஜ்யம்.

சிட்டி டிராஃபிக்ல பெட்ரோல் கார் 11-க்கு இறங்கினா பெட்ரோல் பக்கம் 25 கிலோவாகிடும். EV-ல பிரேக் பிடிக்கும்போது கரண்ட் கொஞ்சம் திரும்ப வர்றதால அந்த அளவுக்கு மோசமாகாது. அதனால நீங்க ஓட்டற ரோட்டோட மைலேஜையே போடுங்க.

அப்டேட்: கமெண்ட்ல ஒருத்தர், "நான் ஆரல்வாய்மொழிங்க, சுத்தி காத்தாலை தான், எனக்கு 0 போடலாமா?"ன்னு கேட்டிருந்தார். போட முடியாதுங்க. 2013 டிசம்பர் கடைசில தெற்கு கிரிட்டும் சேர்ந்ததுல இருந்து நாடு முழுக்க ஒரே கிரிட், காத்தாலை கரண்ட் எல்லாத்தோடயும் கலந்து தான் வீட்டுக்கு வருது.

அப்டேட் 2: மாடில சோலார் போட்டு நெட் மீட்டரிங் வச்சிருக்கிறவங்க ராத்திரி சார்ஜ் பண்ணிட்டு பூஜ்யம்னு எழுதறாங்க. உங்க சோலார் பகல்லயே அடுத்தவங்க வீட்டுக்கு போயிடுச்சு, ராத்திரி காருக்குள்ள ஏறறது பெரும்பாலும் நிலக்கரி கரண்ட், அதுக்கு 0.727 கூட கம்மி தான். நான் இப்ப ஞாயித்துக்கிழமை காலைல 10 மணிக்கு பிளக் போட்டு 3 மணிக்கு எடுத்துடறேன், மீதிக்கு மட்டும் ராத்திரி. ஷீட்ல ரெண்டையும் தனித்தனி வரிசைல வச்சிருக்கேன்.