ஸ்டோர் கீப்பரை மாற்றினார்கள், துணி மட்டும் குறைந்துகொண்டே இருந்தது

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் உள்தணிக்கை செய்தபோது நான் எழுதிய ஒரு குறிப்பு இப்போதும் என்னை உறுத்துகிறது. 'சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியை எடை போடாமல், அவர்கள் சலானில் எழுதிய எடையையே ஸ்டோரில் பதிவு செய்துள்ளனர். காரணம்: ஸ்டோர் கீப்பரின் கவனக்குறைவு. பரிந்துரை: பயிற்சி அளிக்க வேண்டும்.' நிர்வாகம் ஒரு படி மேலே போய் ஆளையே மாற்றியது. அடுத்த ஆண்டு போனேன். புது ஆள் இருந்தார், பழைய குறை அப்படியே இருந்தது.

அந்தக் குறிப்பில் முதல் தவறு, நடந்ததையே வேறு சொற்களில் சொல்லி அதற்குக் 'காரணம்' என்று பெயரிட்டதுதான். எடை போடவில்லை என்பது கண்ட உண்மை. கவனக்குறைவு என்பது அதே உண்மையை ஆள்மேல் ஏற்றிச் சொல்வது. தணிக்கை அறிக்கைகளில் 'பயிற்சி அளிக்க வேண்டும்' என்ற பரிந்துரையைப் பார்த்தால் இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. அவருக்கு எடை போடத் தெரியாது என்பதை எழுதியவர் உறுதி செய்துகொண்டாரா? நான் செய்யவில்லை.

'ஏன்' என்று ஐந்து முறை கேட்கும் முறை டொயோட்டாவிலிருந்து வந்தது. அங்கே தைச்சி ஓனோ சொன்ன எடுத்துக்காட்டு பிரபலமானது. இயந்திரம் நின்றது, ஏனென்றால் அதிகச் சுமையால் ஃபியூஸ் போனது. சுமை கூடியது பேரிங்கில் எண்ணெய் போதாததால். எண்ணெய் வராதது பம்ப் சரியாக இழுக்காததால். பம்ப் இழுக்காதது அதன் தண்டு தேய்ந்ததால். தேய்ந்தது, வடிகட்டி இல்லாமல் உலோகத் துகள் உள்ளே போனதால். பலரும் இதில் ஐந்து என்ற எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் கவனிப்பது வேறு: அந்த விடைகளில் ஒன்றில்கூட ஆள் இல்லை. நம் விடை ஒருவர் பெயரில் போய் நின்றால், 'அந்த இடத்தில் வேறொருவர் இருந்தாலும் இதுதானே நடந்திருக்கும்?' என்று இன்னொரு முறை கேட்க வேண்டும். எங்கள் விஷயத்தில் அந்தச் சோதனையை நிர்வாகமே தன் செலவில் செய்து காட்டிவிட்டது.

இரண்டாம் ஆண்டு பதிவேட்டை வேறு கண்ணோடு பார்த்தேன். அறுபது லாட் எடுத்தேன். பலவற்றில் ஸ்டோர் எடையும் சாயப்பட்டறைச் சலான் எடையும் கிராம் பிசகாமல் ஒன்றாக இருந்தன. இரண்டு தராசுகள் ஒருநாளும் அப்படி ஒத்துப்போகாது. போதாக்குறைக்கு, பருத்தித் துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நூல் வியாபாரத்தில் பருத்திக்கு 8.5 சதவீத ஈரத்தை அளவாகவே வைத்திருக்கிறார்கள். காலை எடைக்கும் மாலை எடைக்கும் சிறு வித்தியாசம் இருப்பதுதான் இயல்பு. துல்லியமான ஒற்றுமை என்றால் யாரும் எடை போடவில்லை என்று பொருள்.

அடுத்த தவறைச் செய்ய இருந்தேன். ஓட்டப்படம் வரைய நிறுவனத்தின் நடைமுறைக் கையேட்டை எடுத்தேன். நிட்டிங், பிறகு ஸ்டோர், சாயம், மீண்டும் ஸ்டோர், துணி பின்னால் சுருங்காமலிருக்கச் செய்யும் காம்பாக்டிங், மீண்டும் ஸ்டோர், கட்டிங் என்று கட்டங்கள் வரிசையாக இருந்தன. வரைந்த தாளைக் காட்டியபோது புது ஸ்டோர் கீப்பர் சிரித்துவிட்டார். "ஏனுங்க சார், சாயத்துணி எங்கே இங்கே வருகிறது? பெரும்பாலும் நேராகக் காம்பாக்டிங்குக்குப் போய்விடுகிறது. சலான் மட்டும்தான் வரும்."

ஒரு வாக்கியத்தில் என் முந்தைய ஆண்டுக் குறிப்பு சரிந்தது. கண்ணில் படாத துணியை அவர் எப்படி எடை போடுவார்?

அதன்பின் ஒரு லாட்டை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு கைமாற்றத்திலும் மூன்றே கேள்விகள்: யார் கொடுத்தார், யார் வாங்கினார், எடை போட்டது யார்? 500 கிலோ சாயமேறாத கிரே துணி வெளியே போயிருந்தது. சாயப்பட்டறைச் சலான் 475 கிலோ என்றது. ஒப்புக்கொண்ட 5 சதவீதக் கழிவு, மிகச் சரியாக. காம்பாக்டிங் முடிந்து ஸ்டோரில் முதன்முறையாகத் தராசில் ஏறியபோது 458 கிலோ. காம்பாக்டிங்குக்கு ஒரு சதவீதம் விட்டாலும் 470 கிலோ வந்திருக்க வேண்டும். 12 கிலோ இல்லை. டி-ஷர்ட் ஒன்றுக்கு 200 கிராம் என்றால் அறுபது சட்டைகள். சாயப்பட்டறையைக் கேட்டால் காம்பாக்டிங்கைக் கைகாட்டியது. அவர்கள் சாயப்பட்டறையைக் காட்டினார்கள். இருவருக்கும் நடுவே எடை என்று ஒன்று இல்லாததால் இருவரையும் மறுக்க முடியாது. இழப்பைப் பிடித்தம் செய்ய யாருக்கு டெபிட் நோட் போடுவது?

கையேட்டுப் படத்தில் ஸ்டோர் என்ற பெட்டி இருந்த இடத்தில், உண்மைப் படத்தில் ஒரு வெறும் கோடு. அந்தக் கோட்டுக்கு உரிமையாளர் இல்லை. பெட்டிகளை மட்டும் தணிக்கை செய்கிறவர்கள் கோடுகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

துணி ஏன் நேராகப் போகிறது? ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அனுப்பச் சொல்கிறார். ஏன்? ஸ்டோருக்கு வந்து போனால் ஒரு நாளும் ஒரு வண்டி வாடகையும் கூடும், கப்பல் தேதி நெருங்கிவிட்டது. ஏன் நெருங்கியது? சாய மாதிரிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஒப்புதல் தாமதமாக வந்தது. ஏன்? இங்கேதான் நின்றேன். இன்னும் மேலே போனால் 'சந்தைப் போட்டி' வந்துவிடும். அதற்குமேல் உலகப் பொருளாதாரம்தான். நிறுவனத்தின் கை எட்டாத இடத்தில் முடியும் சங்கிலி அறிக்கைக்குப் பயன்படாது.

ஒரே சங்கிலியாகக் கேட்பதும் ஏமாற்றும். அதே இடத்திலிருந்து வேறொரு கிளை போனது: குறைவு தெரியாமலே சாயப்பட்டறை பில் எப்படிப் பாஸ் ஆனது? கணக்குப் பிரிவு பில்லைச் சலானோடு ஒப்பிடுகிறது. இரண்டுமே சாயப்பட்டறை எழுதியவை. அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னதோடு ஒப்பிட்டால் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். இந்தக் கிளையில் அவசரமும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. சரிசெய்வது முழுக்க நிறுவனத்தின் கையில்.

இவ்வளவு கிடைத்ததும் எழுதிவிடக் கை துடிக்கும். காரணத்தைச் சோதிக்காமல் எழுதுவதும் தவறே. நேராகப் போவதுதான் காரணம் என்றால், ஸ்டோர் வழியே வந்த லாட்டுகளில் நிலைமை மாறியிருக்க வேண்டும். அறுபதில் 38 நேராகப் போனவை, 22 ஸ்டோர் வழி வந்தவை. வரம்பு மீறிய குறைவு மொத்தம் 17 லாட்டில் இருந்தது. ஸ்டோர் வழியில் நான்கு. மூன்றுக்கு டெபிட் நோட் போட்டிருந்தார்கள். நேர்வழியில் பதிமூன்று, ஒன்றுக்குக்கூட இல்லை. சிறிய எண்ணிக்கைதான். ஆனால், அதே ஆட்கள் அதே ஸ்டோரில் துணி கண்ணில் பட்டால் வேலையைச் சரியாகச் செய்கிறார்கள் என்பது தெரிந்தது. அந்த நான்காவது லாட் உண்மையிலேயே கவனக்குறைவு. அதைத் தனியாகக் குறித்தேன்.

2025 ஜனவரி 9 முதல் நடப்பிலுள்ள உலகளாவிய உள்தணிக்கைத் தரநிலைகள், இயன்றவரை நிர்வாகத்தோடு சேர்ந்து மூலகாரணத்தைக் கண்டறியச் சொல்கின்றன. சேர்ந்து என்பது வெறும் மரியாதைக்காக அல்ல. நேர்வழியைத் தடை செய்யுங்கள் என்றுதான் நான் எழுதியிருப்பேன். ஒரு வாரத்தில் மீறியிருப்பார்கள். துணி நேராகவே போகட்டும், காம்பாக்டிங் வாசலில் எடை போடலாம் என்றவர் மெர்ச்சண்டைசர். காம்பாக்டிங்காரர் துணி இறங்கியதும் எடை போட்டு உள்வரவுச் சீட்டு தர வேண்டும். அது இல்லாமல் சாயப்பட்டறை பில் பாஸ் ஆகாது. தன்மேல் பழி விழாது என்பதால் காம்பாக்டிங்காரரும் ஒப்புக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது சீட்டுகள் இருந்தன, எடைகளும் கிராம் கணக்கில் வேறுபட்டன. ஆனால் இரண்டு பில்கள் தகராறில் நின்றிருந்தன. துணி இறங்கி மூன்று நாள் கழித்து எடை போட்டிருக்கிறார்கள், அதற்குள் காய்ந்துவிட்டது என்பது சாயப்பட்டறையின் வாதம். நியாயம்தான். சீட்டில் எடைக்குப் பக்கத்தில் நேரத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தார்கள்.